பிள்ளை யூடியூபில் பார்த்ததை அழிப்பது, அதன் சாட்டைப் படிக்காமல்: மஞ்சக்குப்பம் பெற்றோர் கேட்ட கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஆறாவது முதல் பத்தாவது வரை டியூஷன் எடுக்கிறேன். மாலை ஏழரைக்குப் பிள்ளையைக் கூப்பிட வரும் அம்மாக்களும் அப்பாக்களும் வாசலில் நின்று கேட்பது பெரும்பாலும் கணக்குப் பாடத்தைப் பற்றி இல்லை, போனைப் பற்றித்தான். ஒரே சந்தேகத்தைப் பல பேரிடம் கேட்ட பிறகு, அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களை எழுதிவிட்டேன். திரையில் வரும் பெயர்களை ஆங்கிலத்திலேயே கொடுத்திருக்கிறேன். உங்கள் போன் தமிழில் இருந்தால் அதே இடத்தில் தமிழ்ப் பெயர் இருக்கும்.

கண்காணிப்புக் கணக்குன்னா என்ன மிஸ்? போன்ல லாக் போடுறதுதானே?

இல்லை. லாக் போனுக்குப் போடுவது. கண்காணிப்புக் கணக்கு என்பது பிள்ளையின் பெயரில் உள்ள கூகுள் கணக்கை உங்கள் கூகுள் கணக்கோடு இணைப்பது. பிள்ளை எந்தப் போனில், எந்த டிவியில் அந்தக் கணக்கோடு நுழைந்தாலும் நீங்கள் வைத்த கட்டுப்பாடு கூடவே போகும். இதற்கான ஆப் பெயர் Family Link. இந்தியாவில் 13 வயது ஆகாத பிள்ளைக்குக் கூகுள் கணக்கு வேண்டுமென்றால் இந்த வழியில்தான் தொடங்க வேண்டும்.

இப்படி இணைத்த பிறகு யூடியூபில் பிள்ளை எந்த அளவு பார்க்கலாம் என்று மூன்று நிலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். Explore என்பது 9 வயதுக்கு மேல், Explore More என்பது 13 வயதுக்கு மேல், மூன்றாவதான Most of YouTube-இல் பெரியவர்களுக்கு மட்டும் என்று குறித்தவை தவிரக் கிட்டத்தட்ட எல்லாம் வரும். இந்த மூன்றையும் ஞாபகம் வையுங்கள், பின்னால் புயல் கதையில் இது தேவைப்படும்.

அவ பார்த்ததை அழிக்க அவ போனை வாங்கித்தான் ஆகணுமா? எங்க போய் அழுத்தணும்?

வாங்க வேண்டாம். உங்கள் போனிலிருந்தே செய்யலாம். உங்கள் யூடியூப் ஆப்பைத் திறந்து, Settings-க்குள் Family Center என்ற இடத்துக்குப் போங்கள். அங்கே பிள்ளையின் பெயர் இருக்கும். அதைத் தொட்டால் அந்தப் பிள்ளைக்கான அமைப்புகள் வரும், கீழே Clear history இருக்கும். அதை அழுத்தி உறுதி செய்தால் முடிந்தது. Family Link ஆப்பில் பிள்ளையின் பெயரைத் தொட்டு, Controls, அப்புறம் YouTube என்று போனாலும் இதே இடத்துக்கு வந்து சேரலாம்.

நிறைய பேருக்கு இங்கே பிள்ளையின் பெயரே தெரிவதில்லை. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கணக்கைத் தொடங்கியது அப்பா, இப்போது தேடுவது அம்மா. எந்தக் கூகுள் கணக்கோடு பிள்ளை இணைக்கப்பட்டதோ அந்தக் கணக்கில் நுழைந்திருந்தால்தான் பெயர் வரும். அப்பாவின் போனில் குடும்பக் குழுவுக்குள் அம்மாவைச் சேர்த்து, அவருக்கும் பெற்றோர் உரிமை கொடுத்துவிட்டால் இருவர் போனிலும் வேலை செய்யும்.

அழிச்சா என்னென்ன போகும்? திரும்ப எடுக்க முடியுமா?

யூடியூபில் பார்த்த வீடியோக்களின் பட்டியலும், தேடிய சொற்களின் பட்டியலும் போகும். அந்தக் கணக்கு இருக்கும் எல்லாச் சாதனங்களிலும் போகும், ஆனால் எல்லா இடத்திலும் மாற்றம் தெரியச் சில மணி நேரம் ஆகலாம். போனது போனதுதான், திரும்ப எடுக்க வழி இல்லை.

போகாதவை எவை என்று தெரிந்துகொள்வது அதைவிட முக்கியம். சப்ஸ்கிரைப் செய்த சேனல்கள் அப்படியே இருக்கும். லைக் போட்டவை, சேமித்து வைத்த பிளேலிஸ்ட் இருக்கும். குரோமில் பார்த்த இணையதளங்களின் வரலாறு முற்றிலும் வேறு, அதை இந்தப் பொத்தான் தொடாது. ஆண்ட்ராய்டு போனாக இருந்தால், யூடியூபில் இன்று எத்தனை மணி நேரம் இருந்தாள் என்று Family Link காட்டும் கணக்கும் அப்படியே இருக்கும்.

அழிக்கிறப்போ அவ யார்கிட்ட என்ன பேசுறான்னு எனக்கும் தெரிஞ்சிடுமா? அது எனக்கு வேணாம் மிஸ்.

தெரியாது. இந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவை எனக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. Family Link வழியாக வாட்ஸ்அப் செய்தியோ, ஜிமெயிலோ, எஸ்எம்எஸ்ஸோ உங்களுக்குத் திறக்காது. அந்த ஆப் அதற்காகச் செய்யப்பட்டது இல்லை. எந்த ஆப் எவ்வளவு நேரம் ஓடியது, எதை இறக்க அனுமதி கேட்கிறாள், இந்த மாதிரி வெளி விவரங்கள்தான் வரும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் போனிலிருந்து Clear history அழுத்தும்போது அவள் பார்த்த வீடியோப் பட்டியல்கூட உங்கள் கண்ணில் படாது. படிக்காமலே மொத்தமாகத் துடைக்கிறீர்கள். யூடியூபுக்குள் சாட் இருக்குமோ என்ற பயமும் இந்த வயதுக் கணக்கில் வேண்டாம். 13 வயதுக்குட்பட்ட கண்காணிப்புக் கணக்கில் கமெண்ட் எழுதவோ, லைவ் சாட்டில் பேசவோ, வீடியோ ஏற்றவோ முடியாது.

அழிச்சிட்டேன். நாலே நாள்ல திரும்ப அதே வீடியோதான் வருது. என்ன பண்றது?

ஒரு வீட்டில் நடந்ததைச் சொன்னால் புரியும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தது. அடுத்த நாட்களில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து, கடலூரில் ஆற்றங்கரைப் பகுதிகளில் புகுந்தது. என்னிடம் படிக்கும் பதினொரு வயதுப் பெண்ணின் வீடு ஆற்றுக்கு அருகில். தெருவில் தண்ணீர் எவ்வளவு என்று பார்க்கத்தான் முதலில் தேடினாள். இரண்டே நாளில் அவள் யூடியூப் முழுக்க வெள்ளத்தில் அடித்துப் போகிற கார், இடிந்து விழுகிற வீடு, எங்கோ வேறு நாட்டு சுனாமி. தண்ணீர் வடிந்து, பள்ளி திறந்து, டிசம்பர் பாதி ஆகியும் அவை நிற்கவில்லை. ராத்திரி லேசாக மழை சத்தம் கேட்டாலே எழுந்து உட்கார்ந்துவிடுகிறாள் என்றார் அம்மா.

அவர் மேலே சொன்னபடி Clear history அழுத்தினார். முதல் இரண்டு நாள் முகப்புப் பக்கம் பொதுவான பாட்டும் சமையலுமாக இருந்தது. நான்காம் நாள் மறுபடியும் வெள்ளம். அவரோடு உட்கார்ந்து பார்த்ததில் காரணம் மூன்றாக இருந்தது. முதலாவது, புயல் நாட்களில் அந்தப் பெண் வானிலை சொல்லும் இரண்டு சேனல்களை சப்ஸ்கிரைப் செய்திருந்தாள். வரலாறு போனாலும் சப்ஸ்கிரிப்ஷன் போகாது என்று மேலே சொன்னேனே, அதுதான். அந்தச் சேனல்களில் ஒன்று பழைய வெள்ளக் காட்சிகளையே தலைப்பு மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தது. அவள் ஒன்றை அழுத்தினாள், அதிலிருந்து பத்து வந்தன.

இரண்டாவது, அவள் கணக்கு Explore More நிலையில் இருந்தது. அந்த நிலையில் நேரலைகளும் வரும். Explore நிலைக்கு இறக்கினால் நேரலைகள் பெரும்பாலும் நின்றுவிடும். அவள் இதற்குச் சம்மதித்தாள், மழைக்காலம் முடியும்வரை என்று அம்மா சொன்னதால். மூன்றாவது, கூடத்து டிவியில் யூடியூப் அப்பாவின் கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. அங்கே அவள் பார்த்ததெல்லாம் அப்பாவின் வரலாற்றில் சேர்ந்தது. அவள் கணக்கை எத்தனை முறை துடைத்தாலும் டிவியில் மாறாது.

அம்மாவும் பெண்ணும் சேர்ந்து சேனல்களை அன்சப்ஸ்கிரைப் செய்தார்கள். தலைப்பு மாற்றிப் போட்ட சேனலை அம்மா தன் போனில் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் Block channel for kids கொடுத்தார். டிவியில் அவள் கணக்கைச் சேர்த்தார்கள். அதற்குப் பிறகு இன்னொரு முறை Clear history. இந்த வரிசை முக்கியம்: முதலில் ஊற்றை அடைத்துவிட்டு அப்புறம் துடைக்க வேண்டும். தடுத்த சேனலின் வீடியோவை வேறொருவர் தன் சேனலில் ஏற்றினால் அது வரும், அப்படி ஒரு முறை வரவும் செய்தது. அதை அந்தப் பெண்ணே மூன்று புள்ளியைத் தொட்டு Not interested கொடுத்துவிட்டு அம்மாவிடம் வந்து சொன்னாள்.

ஒரே ஒரு வீடியோவை மட்டும் எடுக்க முடியாதா? மீதி எல்லாம் படிப்பு வீடியோ, போயிட்டா கஷ்டம்.

முடியும், ஆனால் உங்கள் போனிலிருந்து இல்லை. பிள்ளையின் கணக்கில், You பக்கத்தில் History-க்குள் போய், அந்த வீடியோவுக்குப் பக்கத்திலுள்ள மூன்று புள்ளியைத் தொட்டு Remove from watch history கொடுக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது முழுப் பட்டியலும் கண்ணில் படும். அதனால் பிள்ளையே செய்யட்டும், நீங்கள் வழியை மட்டும் சொல்லுங்கள். படிப்பு வீடியோக்களை முன்கூட்டியே ஒரு பிளேலிஸ்ட்டில் சேமித்துவிட்டால், பிற்பாடு மொத்தமாகத் துடைத்தாலும் அவை தப்பிக்கும்.

தனிக் கணக்கெல்லாம் இல்ல மிஸ். என் போன்லதான் பார்க்கிறான். எனக்குப் பூரா கேம் வீடியோவா வருது.

அப்படியானால் அது உங்கள் வரலாறு. அவனுக்காக நீங்கள் வைக்கும் எந்த நிலையும் அங்கே வேலை செய்யாது, Family Center-இல் அவன் பெயரும் இருக்காது. உங்கள் கணக்கைத் துடைக்க Settings-க்குள் Manage all history-க்குப் போய், Delete-ஐத் தொட்டு, எவ்வளவு காலத்தை என்று தேர்ந்தெடுங்கள். இன்றைக்கு மட்டும், குறிப்பிட்ட நாட்கள், எல்லாம் என்று மூன்று வழி உண்டு. சனி ஞாயிறில் அவன் பார்த்ததை மட்டும் எடுக்க இது வசதி.

போன் ஒன்றே என்றாலும் அவனுக்குத் தனிக் கணக்கு போடுங்கள் என்றுதான் சொல்வேன். போன் வாங்கிக்கொடுக்க வேண்டும் என்று அர்த்தம் இல்லை. கணக்குக்குக் காசு இல்லை.

அழிக்கிறதுக்குப் பதிலா, பதிவே ஆகாம நிறுத்தி வச்சிட்டா?

Clear history இருக்கும் அதே இடத்தில் Pause watch history, Pause search history என்று இரண்டு உண்டு. போட்டுவிட்டால் அதன் பிறகு பார்ப்பது பதிவாகாது, பரிந்துரைக்கும் பயன்படாது. பாட்டி வீட்டுக்குப் போய் நான்கு பெரியப்பா பிள்ளைகள் ஒரே போனில் பார்க்கும் வாரத்துக்கு இது நல்லது.

நிரந்தரமாக நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. 2023 ஆகஸ்டிலிருந்து, வரலாறு நிறுத்தப்பட்டு முந்தைய வரலாறும் இல்லாத கணக்கில் யூடியூப் முகப்பை வெறுமையாகக் காட்டுகிறது. அது நன்மைதானே என்று ஒரு அப்பா சொன்னார். ஆனால் வரலாறு இல்லாத வீட்டில் பையனுக்கு நேற்றுப் பாதியில் விட்ட இயற்பியல் வீடியோ எங்கே என்று தெரியாது, தேடித் தேடி இன்னும் பத்து வீடியோவில் போய் நிற்பான்.

என் பையனுக்கு 14. நீங்க சொன்ன பொத்தானே இல்ல.

இருக்காது. 13 வயதுக்கு மேல் யூடியூபில் உள்ளது வேறு வகை இணைப்பு. 2024 செப்டம்பரில் அறிவித்தார்கள். பையனும் பெற்றோரும் இருவரும் சம்மதித்து Family Center-இல் இணைவது. அவன் சேனலில் எத்தனை வீடியோ ஏற்றினான், எத்தனை சேனலை சப்ஸ்கிரைப் செய்தான், எத்தனை கமெண்ட் போட்டான் என்பது தெரியும், புதிதாக ஏற்றினாலோ நேரலை தொடங்கினாலோ மின்னஞ்சல் வரும். பார்த்ததைத் துடைப்பது அவன் கையில். உங்கள் கணக்குக்குச் சொன்ன அதே Manage all history வழிதான். அங்கேயே Auto-delete போட்டால் 3 மாதம், 18 மாதம், 36 மாதம் என்று தானாக அழிந்துகொண்டே வரும். 3 மாதம் போட்டுக்கொள் என்று சொல்லிவிடுங்கள், பரீட்சைக்குப் பரீட்சை புதிதாகிவிடும்.

12 வயதுப் பிள்ளைக்கும் பொத்தான் இல்லை என்றால் பிறந்த தேதியைப் பாருங்கள். கணக்கு தொடங்கிய அவசரத்தில் அப்பாவின் பிறந்த வருடத்தைப் போட்ட வீடுகள் நிறைய. கூகுளைப் பொறுத்தவரை அது நாற்பது வயதுக்காரரின் கணக்கு. உண்மைத் தேதியை மாற்றினால் கூகுள் பெற்றோர் இணைப்பைக் கேட்கும், அதைச் செய்யாவிட்டால் கணக்கு முடங்கலாம். அதனால் பெற்றோர் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஓர் ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் செய்யுங்கள்.

இன்ஸ்டா ரீல்ஸையும் இதே மாதிரி நான் அழிக்கலாமா?

முடியாது. இன்ஸ்டாகிராம் வேறு நிறுவனத்துடையது, Family Link அதன் உள்ளே போகாது. அதற்கு டீன் அக்கவுன்ட் என்ற ஏற்பாடு இருக்கிறது. 2025 பிப்ரவரியில் இந்தியாவுக்கும் வந்தது. 16 வயதுக்குட்பட்டவர் கணக்கும், 18 வயதுக்குட்பட்டவர் புதிதாகத் தொடங்கும் கணக்கும் தானாகப் பிரைவேட் ஆகிவிடும். 16 வயதுக்குட்பட்டவர் அந்தக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும்.

ரீல்ஸ் பரிந்துரையைத் துடைக்கப் பிள்ளைதான் தன் போனில் Content preferences-க்குள் போய் Reset suggested content கொடுக்க வேண்டும். அதுவும் திரும்பப் பெற முடியாதது. இன்ஸ்டாகிராமின் பெற்றோர் கண்காணிப்பை இணைத்திருந்தால், கடந்த 7 நாட்களில் யார் யாருக்குச் செய்தி அனுப்பினாள் என்று பெயர் தெரியும். என்ன எழுதினாள் என்பது தெரியாது. அந்தக் கோடு சரியான இடத்தில்தான் போடப்பட்டிருக்கிறது என்று நினைக்கிறேன். அறிமுகமில்லாத ஒரு பெயர் அடிக்கடி வந்தால், யார் இது என்று கேட்க அந்தப் பெயரே போதும்.

அவ வாட்ஸ்அப்பை என் லேப்டாப்ல லிங்க் பண்ணி வச்சிருக்கேன். சும்மா ஒரு பாதுகாப்புக்குத்தான்.

அது பாதுகாப்பு அமைப்பு இல்லை. அவளுடைய முழுச் சாட்டும், அவள் தோழிகள் அவளை நம்பி எழுதியதும் உங்கள் திரையில் ஓடுகின்றன. அந்தத் தோழிகளில் யாரும் உங்களிடம் சம்மதம் சொல்லவில்லை. அவள் போனில் Linked devices திறந்தால் உங்கள் லேப்டாப் அங்கே தெரியும், ஒரு நாள் பார்ப்பாள். என்னிடம் படித்த ஒரு பெண் அப்படிப் பார்த்த பிறகு வீட்டில் பேசுவதையே நிறுத்தினாள், தோழியின் போனில் இன்னொரு கணக்கு தொடங்கினாள். அந்தக் கணக்குக்கு எந்தக் கண்காணிப்பும் கிடையாது. லேப்டாப்பில் லாக் அவுட் செய்யுங்கள், அவளிடம் சொல்லிவிட்டே செய்யுங்கள்.

துடைச்சதை அவகிட்ட சொல்லணுமா? சொல்லாமலே பண்ணலாமே?

செய்யலாம், பொத்தான் தடுக்காது. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிடும், நேற்றுப் பாதியில் நிறுத்திய வீடியோ History-இல் இருக்காது. அப்போது அவள் மனதில் வரும் முதல் கேள்வி, அம்மா எல்லாவற்றையும் பார்த்தாளா என்பதுதான். நீங்கள் பார்க்கவே இல்லை, உங்கள் போனிலிருந்து அழிக்கும்போது பட்டியல் தெரியாது என்பது நான்காவது கேள்வியில் இருக்கிறது. அந்த உண்மை அவளுக்கும் தெரிய வேண்டுமானால் அழுத்துவதற்கு முன்னால் சொல்லுங்கள். திரையை அவளுக்கே காட்டி, அவள் விரலாலேயே அழுத்தச் சொன்ன அப்பா ஒருவர் உண்டு.

யாரோ அவளுக்குத் தப்பா மெசேஜ் அனுப்புறாங்கன்னு சந்தேகமா இருக்கு. எல்லாத்தையும் உடனே துடைச்சிடட்டுமா?

துடைக்காதீர்கள். இந்த ஒரு சூழ்நிலையில் மட்டும் எதையும் அழிக்க வேண்டாம், அந்த ஆளை பிளாக் செய்யும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பெயர், எண், தேதி, நேரம் தெரிகிற மாதிரி எடுக்க வேண்டும். யூடியூபில் பார்த்த ஒரு வீடியோவிலிருந்து தொடங்கிய பழக்கம் என்றால் அந்த வரலாறுகூடப் போலீசுக்குத் தேவைப்படலாம், அழித்தால் திரும்ப வராது என்று சொன்னேன்.

இங்கேயும் நீங்களாகப் போனைப் பிடுங்கிப் படிக்க வேண்டாம். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, எதைக் காட்ட நினைக்கிறாயோ அதைக் காட்டு என்று கேளுங்கள். காட்டத் தயங்கினால் 1098-ஐ அழைக்கலாம், அது குழந்தைகளுக்கான உதவி எண், பெற்றோரும் பேசலாம், பிள்ளையே தனியாகவும் பேசலாம். புகாரை இணையத்தில் கொடுக்க cybercrime.gov.in இருக்கிறது. பெண்கள், குழந்தைகள் தொடர்பான குற்றங்களுக்கு அங்கே தனிப் பிரிவு உண்டு, பெயர் சொல்லாமலும் புகார் கொடுக்க முடியும். எழுதத் தெரியவில்லை என்றால் ஸ்கிரீன்ஷாட்டோடு டியூஷன் நேரத்துக்கு முன்னால் வாருங்கள், ஆறு மணிக்கு நான் இருப்பேன். பிள்ளைக்குத் தெரிந்தே வாருங்கள்.